நின்ற பிறகு பிரஷர் சரியாகிவிட்டது, பல்ஸ் மட்டும் ஏன் இறங்கவில்லை?

இளவேனில்

நான் பி.எஸ்ஸி. நர்சிங் முதலாண்டு. பிசியாலஜி பிராக்டிகலில், எழுந்து நின்றால் பிரஷர் என்னாகிறது என்று பார்த்தோம். என் தோழியைக் கொஞ்ச நேரம் படுக்க வைத்துவிட்டு எடுத்தபோது 116/72, பல்ஸ் 66. சட்டென்று எழுந்து நிற்கச் சொன்னோம். இரண்டு நிமிடம் கழித்து எடுத்தால் 114/78, பல்ஸ் 82.

ரெக்கார்டில் எழுத வேண்டிய விளக்கம் தெரியும். ரத்தம் காலுக்கு இறங்குகிறது, பிரஷர் குறைகிறது, கழுத்தில் இருக்கும் பேரோரிசெப்டர் அதை உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது, பல்ஸ் கூடுகிறது, ரத்தக்குழாய் சுருங்குகிறது, பிரஷர் பழைய நிலைக்கு வருகிறது. இதுவரைக்கும் சரி.

ஆனால் பிரஷர்தான் பழைய நிலைக்கு வந்துவிட்டதே, அப்புறம் பேரோரிசெப்டருக்கு என்ன குறை தெரிகிறது? பல்ஸும் 66-க்குத் திரும்பியிருக்க வேண்டாமா? சராசரி பிரஷரைக் கணக்குப் போட்டேன். படுத்திருந்தபோது 87, நின்றபோது 90. கூடியே இருக்கிறது! பேரோரிசெப்டர் ஒழுங்காக வேலை செய்தால் பல்ஸ் 66-க்கும் கீழே அல்லவா போக வேண்டும்? ஐந்து நிமிடம் நிற்க வைத்தும் 80-க்குக் கீழே வரவில்லை. வகுப்பில் கேட்டேன், அடுத்த பாடத்தில் வரும் என்றார்கள். வரவில்லை.

கதிரவன்_22

இரண்டு நிமிடம் ஆகிவிட்டால் அது பேரோரிசெப்டர் வேலை இல்லை. பேரோரிசெப்டர் முதல் சில வினாடிகளுக்குத்தான். அதற்கப்புறம் பொறுப்பை ரெனின் ஆஞ்சியோடென்சின் எடுத்துக்கொள்கிறது. நின்றதும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், ரெனின் சுரக்கும், ஆஞ்சியோடென்சின் 2 உண்டாகும், அது ரத்தக்குழாயைச் சுருக்கும். பிரஷரைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். அது சிம்பதெடிக் நரம்பையும் தூண்டும் என்பதால் பல்ஸ் கூடியே இருக்கிறது. நான் எம்.பி.பி.எஸ். முதலாண்டு, போன வாரம்தான் இதற்குத் தேர்வு எழுதினேன்.

தீபன்_ஐசியூ

இளவேனில், விளக்கத்துக்குப் போகும் முன் ஒரு கேள்வி. நிற்க வைத்து எடுத்தபோது உங்கள் தோழியின் கை எங்கே இருந்தது? தொங்கியபடியா, அல்லது நெஞ்சு மட்டத்தில் மேசையிலோ யாராவது பிடித்தோ வைத்திருந்தீர்களா? கை தொங்கினால் கஃப் இதயத்துக்குக் கீழே போய்விடும். கீழே இறங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய முக்கால் மி.மீ. கூடக் காட்டும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலே 8, 9 மி.மீ. பொய்யாகக் கூடிவிடும். வார்டில் நின்றால் பிரஷர் இறங்குகிற நோயாளியை "எல்லாம் நார்மல்" என்று எழுதிவிடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இளவேனில்

தீபன் அண்ணா, இன்னொரு பெண் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கஃப் நெஞ்சு மட்டத்தில்தான் இருந்தது. அதனால் 90 என்பதை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

கதிரவன், நீங்கள் சொல்வதில் ஒன்று இடிக்கிறது. பல்ஸ் இரண்டாவது நிமிடத்தில் மட்டும் கூடுதலாக இல்லை. நின்றவுடனே கூடியது, அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறியது மாதிரி எனக்குத் தெரியவில்லை.

செங்காந்தள்

கேள்வி அருமையாக இருக்கிறது. தன்னியக்க நரம்புச் சோதனைகள் செய்யும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இளவேனில், நீங்கள் பிரஷரை அளந்த இடம் கை, அதாவது இதய மட்டம். பேரோரிசெப்டர் உட்கார்ந்திருக்கும் இடம் அது இல்லை. முக்கியமான உணரி கரோட்டிட் சைனஸில் இருக்கிறது, தாடை எலும்பு வளைகிற இடத்துக்குச் சற்றுக் கீழே. படுத்திருந்தால் கழுத்தும் இதயமும் ஒரே மட்டம், அதனால் கையில் அளப்பதும் கழுத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நின்றுவிட்டால் கரோட்டிட் சைனஸ் இதயத்துக்கு மேலே 20 சென்டிமீட்டர் ஏறிவிடுகிறது. தீபன் சொன்ன அதே கணக்கு, இந்த முறை தலைகீழாக. 20 செ.மீ.க்கு 15 மி.மீ. குறைய வேண்டும்.

இப்போது உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். படுத்திருந்தபோது கழுத்தில் 87. நின்றபோது கையில் 90, கழுத்தில் 75. உணரிக்கு 12 மி.மீ. குறைவாகத்தான் தெரிகிறது. கஃப்புக்கு எல்லாம் சரியாகிவிட்டது, கழுத்துக்கு இன்னும் சரியாகவில்லை. பல்ஸ் இறங்காததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் உங்கள் அளவிலேயே தெரிகிறது. படுத்திருந்தபோது மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் 44 இடைவெளி, நின்றபோது 36. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. பேரோரிசெப்டர் சராசரியை மட்டும் பார்ப்பதில்லை. குழாய்ச் சுவர் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு இழுபடுகிறது, எவ்வளவு வேகமாக இழுபடுகிறது என்பதையும் பார்க்கிறது. சராசரி அப்படியே இருந்து இழுப்பு மட்டும் சுருங்கினாலும் அது மூளைக்கு அனுப்பும் சமிக்ஞை குறையும்.

மூன்றாவது, இது கொஞ்சம் ஆழமான விஷயம். குறையின் அளவுக்கேற்பத் திருத்தும் இந்த மாதிரி எதிர்மறைப் பின்னூட்ட அமைப்பு குறையை முழுக்க நீக்காது. குறை பூஜ்யமாகிவிட்டால் திருத்தத்தைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காதே? திருத்தம் நீடிக்கிறது என்றால் எங்கோ கொஞ்சம் குறையும் நீடிக்கிறது என்றுதான் பொருள். இந்த அனிச்சைச் செயலின் ஆற்றலுக்கு வழக்கமாகச் சொல்லும் எண் 2. அதாவது பிரஷர் 75 மி.மீ. மாறியிருக்க வேண்டிய இடத்தில் 50-ஐத் திருத்தி 25-ஐ விட்டுவைக்கும். நீங்கள் "பழைய நிலைக்கு வருகிறது" என்று எழுதிய வரியில் அந்த மிச்சம் காணாமல் போய்விட்டது.

கதிரவன்_22

மேடம், கழுத்துக் கணக்கு புரிகிறது. ஆனால் ரெனினை இப்படி ஓரங்கட்ட முடியாது. சிறுநீரகத்தில் ரெனின் சுரக்கும் செல்களுக்கே சிம்பதெடிக் நரம்பு நேராகப் போகிறது, பீட்டா 1 ஏற்பி வழியாக. நரம்பு தூண்டப்பட்டால் ரெனினும் அப்போதே வெளியே வரும். ஆஞ்சியோடென்சின் 2-ஐ ஊசியில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் பிரஷர் ஏறுகிறது. இரண்டாவது நிமிடத்தில் அதற்குப் பங்கு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

செங்காந்தள்

நரம்பு சிறுநீரகத்துக்குப் போகிறது என்பது சரி. ஊசியில் ஏற்றினால் உடனே வேலை செய்கிறது என்பதும் சரி. தாமதம் வேறு இடத்தில் இருக்கிறது. ரெனின் தானாகக் குழாயைச் சுருக்குவதில்லை, அது ஒரு நொதி. கல்லீரலில் இருந்து வரும் ஆஞ்சியோடென்சினோஜனை வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்குகிறது, அதை ஏசிஇ நொதி 2 ஆக மாற்றுகிறது. ரத்தத்தில் ரெனின் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஆஞ்சியோடென்சின் உண்டாகும் வேகம்.

ரெனினின் அரை ஆயுள் 10 முதல் 15 நிமிடம். சுரப்பு இந்த நொடியே இரட்டிப்பானாலும், ரத்தத்தில் அதன் அளவு இரட்டிப்பாக அரை ஆயுளின் பல மடங்கு நேரம் ஆகும். அணை மதகைத் திறந்த உடனே கடைமடை வயல் நிரம்பிவிடாது. இரண்டு நிமிடத்தில் சேர்ந்திருப்பது சொற்பம். முழுப் பலனுக்கு இருபது நிமிடமாவது வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

நரம்பு வழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்ஸை இறக்கிப் பிடித்திருக்கும் வேகஸ் நரம்பு பிடியைத் தளர்த்தினால் அடுத்த துடிப்பே மாறும். சிம்பதெடிக் நரம்பு ரத்தக்குழாயைச் சுருக்க இரண்டு மூன்று வினாடியில் தொடங்கி, பத்துப் பதினைந்து வினாடியில் நன்றாகப் பிடித்துவிடும்.

தீபன்_ஐசியூ

செங்காந்தள் மேடம் சொன்ன நேரக் கணக்கை லேபிலேயே பார்க்கலாம். ஆல்டோஸ்டிரோன், ரெனின் விகிதம் பார்க்க ரத்தம் அனுப்பும்போது, நோயாளி காலையில் எழுந்து குறைந்தது 2 மணி நேரம் படுக்காமல் நடமாடியிருக்க வேண்டும், அப்புறம் 5 முதல் 15 நிமிடம் உட்கார வைத்து ரத்தம் எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. நின்ற இரண்டாவது நிமிடத்திலேயே ரெனின் ஏறி முடிந்துவிடும் என்றால் இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

பெரியகுளத்தார்

வணக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 67. நீங்கள் பேசிக்கொண்டிருப்பது எனக்கே நடந்துகொண்டிருக்கிறது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் கண் இருட்டுகிறது. ஒரு தடவை சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 கொடுத்திருக்கிறார்கள். அது ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரை என்று மருந்துக் கடைத் தம்பி சொன்னார். நின்றால் பிரஷரைத் தாங்கிப் பிடிப்பது ஆஞ்சியோடென்சின் என்று இங்கே கதிரவன் தம்பி எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்த மாத்திரைதான் என்னைத் தள்ளாட வைக்கிறது. நிறுத்திவிடலாமா?

தீபன்_ஐசியூ

ஐயா, தயவுசெய்து நீங்களாக நிறுத்த வேண்டாம். டெல்மிசார்டன் போடும் லட்சக்கணக்கானவர்கள் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உடம்பில் நீர்ச்சத்து வற்றியிருந்தால், அல்லது சிறுநீர் போக வைக்கும் மாத்திரையும் கூடச் சேர்ந்தால் அதுவும் காரணமாகலாம். மற்றபடி நின்றால் பிரஷரை இறக்கிவிடும் மருந்து என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அது இல்லை. வேறு என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள்? பிரஷருக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். சுகர் இருக்கிறதா, எத்தனை வருடம்?

வீட்டில் மெஷின் இருந்தால் இப்படி ஒரு அளவு எடுங்கள். காலையில் ஐந்து நிமிடம் படுத்தபடி இருந்து ஒரு அளவு. எழுந்து நின்று முதல் நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. கையை யாராவது நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பிடிக்கட்டும். பக்கத்தில் கட்டில் இருக்கட்டும், தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். பல்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள், அது ரொம்ப முக்கியம்.

செங்காந்தள்

கதிரவன், ஐயாவின் கேள்வியிலேயே உங்கள் வாதத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலானவர்கள் நின்றபடி தாங்குகிறார்கள். சிம்பதெடிக் நரம்பு ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆல்பா ஏற்பியைத் தடுத்தால், உதாரணமாக பிரசோசின் முதல் மாத்திரை, சிலர் எழுந்தவுடன் மயங்கி விழுகிறார்கள். படுக்கும்போது முதல் மாத்திரையைப் போடச் சொல்வது அதற்காகத்தான். நின்ற சில நிமிடங்களில் எது சுமையைத் தாங்குகிறது என்பதை இந்த இரண்டு மருந்தும் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

ரெனினுக்கு வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் நின்றால், நாள் முழுக்க நடமாடினால், உப்பையும் நீரையும் பிடித்துவைத்து ரத்த அளவைக் காப்பது அதுதான். ரத்த அளவு குறைந்தால் நரம்பு எவ்வளவு இழுத்தாலும் பிரஷர் நிற்காது.

மழைக்குருவி

கட்டிலில் இருந்து வேகமாக எழுந்தால் எனக்கும் ஏழெட்டு வினாடி கண் இருட்டும், அப்புறம் ஒன்றுமே இல்லை. வயது 19. பிரஷர் பார்த்தால் 110/70, எப்போதும் நார்மல். டாக்டர் ஒன்றும் இல்லை என்கிறார். இதுவும் ஐயாவுக்கு இருப்பதும் ஒன்றுதானா?

செங்காந்தள்

ஒன்று இல்லை. எழுந்து நின்ற ஏழு முதல் பத்து வினாடிக்குள் ஆரோக்கியமானவர்களுக்குக்கூட பிரஷர் ஒரு குழியில் விழுந்து எழும். அரை நிமிடத்துக்குள் சரியாகிவிடும். ஒல்லியாக, உயரமாக இருக்கும் இளையவர்கள் சிலருக்கு அந்தக் குழி ஆழமாக இருக்கும். மேல் எண் 40 மி.மீ.க்கு மேல் இறங்கினால் அதற்குத் தனிப் பெயரே உண்டு. சாதாரண மெஷினில் அது சிக்காது. கஃப் ஊதி இறங்கவே அரை நிமிடம் ஆகிறது, அதற்குள் குழி மூடிவிடும். விரலில் மாட்டி ஒவ்வொரு துடிப்பையும் பதிவு செய்யும் கருவி வேண்டும். "பிரஷர் நார்மல்" என்று சொன்னதும் உண்மை, உங்களுக்குக் கண் இருட்டியதும் உண்மை.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஆளைச் சாய்மேசையில் கட்டி, மேசையை நிமிர்த்தி நிற்க வைத்தால் இந்தக் குழி அநேகமாக வருவதே இல்லை. தானாக எழுந்து நின்றால்தான் வருகிறது. வெறுமனே ரத்தம் காலுக்கு இறங்குவதுதான் காரணம் என்றால் இரண்டிலும் வந்திருக்க வேண்டும். எழும்போது தொடையும் வயிற்றுத் தசையும் இறுகி ரத்தத்தை இதயத்தின் வலது பக்கத்துக்குத் தள்ளுகின்றன. அங்கே இருக்கும் உணரிகள் "ரத்தம் அதிகம்" என்று எண்ணி ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். இறுகின தசைக்குள்ளேயே ரத்தக்குழாய் உடனே விரிந்துவிடுகிறது என்பது இன்னொன்று. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் துறைக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை.

மழைக்குருவி

நன்றி மேடம். அப்படியானால் மெதுவாக எழுந்தால் குறையுமா?

செங்காந்தள்

குறையும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். எழும் முன் காலைச் சில தடவை அசைத்தாலும், எழுந்ததும் கால்களைக் குறுக்கே வைத்துத் தொடையை இறுக்கினாலும் நன்றாகவே தெரியும். உண்மையாகவே மயங்கி விழுந்தாலோ, நடக்கும்போதும் ஓடும்போதும் வந்தாலோ அது வேறு கதை, ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும்.

பெரியகுளத்தார்

தீபன் தம்பி, சொன்ன மாதிரியே எடுத்தோம். கையை வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டார்.

படுத்தபடி 152/86, பல்ஸ் 68.
நின்று ஒரு நிமிடம் 126/76, பல்ஸ் 73.
மூன்று நிமிடம் 124/76, பல்ஸ் 74.

சுகர் 15 வருடமாக இருக்கிறது, மெட்ஃபார்மின் போடுகிறேன். பிரஷருக்கு டெல்மிசார்டன். சிறுநீர் அடைத்து அடைத்துப் போகிறது என்று வேறொரு டாக்டர் டாம்சுலோசின் எழுதினார், ராத்திரி படுக்கும் முன் போடுகிறேன். அது பிராஸ்டேட் மாத்திரை, பிரஷருக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துத்தான் முதலில் சொல்லவில்லை.

கதிரவன்_22

மேல் எண் 28 இறங்கியிருக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் 20 இறங்கினாலே, அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே, அது அளவுகோலைத் தாண்டிவிட்டது. பல்ஸ் 6-தான் கூடியிருக்கிறது. 6-ஐ 28-ஆல் வகுத்தால் 0.2 வருகிறது. இது 0.5-க்குக் கீழே இருந்தால் நரம்புக் கோளாறு என்று படித்திருக்கிறேன். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் பல்ஸ் இருபது முப்பது கூடியிருக்கும். 15 வருட சுகர் வேறு. சுகரால் தன்னியக்க நரம்பு கெட்டுவிட்டது, இதில் சந்தேகமே இல்லை.

தீபன்_ஐசியூ

கணக்கு சரி கதிரவன், முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். அந்த விகிதத்தை நம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஐயா, மாத்திரைச் சீட்டை ஒரு தடவை முழுசாகப் பார்த்துச் சொல்லுங்கள். "லால்" என்று முடிகிற பெயர் ஏதாவது இருக்கிறதா?

பெரியகுளத்தார்

இருக்கிறது தம்பி. மெட்டோப்ரொலால் 25. நெஞ்சு படபடப்புக்கென்று ரெண்டு வருடம் முன்னால் கொடுத்தது, டப்பாவில் காலை மாத்திரையோடு சேர்ந்தே இருக்கிறது.

தீபன்_ஐசியூ

அப்படியானால் பல்ஸ் கூடாததற்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். பீட்டா தடுப்பி போடுபவருக்கு அந்த 0.5 கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சுகர் நரம்புக் கோளாறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. டாம்சுலோசினும் ஆல்பா தடுப்பி வகைதான். பிராஸ்டேட் பக்கத்துத் தசையைத்தான் அதிகம் குறிவைக்கிறது, பிரசோசின் அளவுக்கு ரத்தக்குழாயைத் தளர்த்தாது. ஆனாலும் கொஞ்சம் தளர்த்தும். நின்றதும் ரத்தக்குழாய் சுருங்க வேண்டிய வழியில் ஒரு தடை, பல்ஸ் கூட வேண்டிய வழியில் ஒரு தடை, டெல்மிசார்டனால் மெதுவான வழியிலும் ஒரு தடை. ஒவ்வொன்றையும் தனியாகத் தாங்கியிருப்பீர்கள், மூன்றும் சேர்ந்தால் சிரமம். பிரஷர் டாக்டருக்கு டாம்சுலோசின் போடுவது தெரியுமா? தெரியாது என்றால் இந்த அளவுத் தாளையும் எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள். எதை மாற்றுவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். மெட்டோப்ரொலாலைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும் வரலாம், அதை நீங்களாக நிறுத்தவே கூடாது.

அதுவரைக்கும் ராத்திரி எழுந்தால் முதலில் கட்டில் ஓரத்தில் உட்காருங்கள், சிறுநீரும் உட்கார்ந்தே போங்கள். விளக்கு எரியட்டும்.

செங்காந்தள்

ஐயா, ராத்திரியிலும் விடியற்காலையிலும் ஏன் மோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கக் காலில் தேங்கியது படுத்ததும் நெஞ்சுக்குத் திரும்புகிறது. ரத்தம் அதிகம் என்று உடம்பு நினைத்து ரெனினைக் குறைக்கிறது, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடுகிறது. படுத்தபடி உங்களுக்கு 152 இருப்பதும் அதையே செய்யும். மூன்று தடவை எழுந்து போனால் காலைக்குள் ரத்த அளவே குறைந்துவிடும், அப்போது எழுந்து நிற்பதுதான் மிகக் கடினம். கட்டிலின் தலைமாட்டை, தலையணையை இல்லை, தலைப்பக்கத்துக் கட்டில் கால்களையே கொஞ்சம் உயர்த்தி வைப்பது சிலருக்கு உதவுகிறது. இதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

இளவேனில்

மேடம், எனக்கு இன்னொரு சந்தேகம். கரோட்டிட் சைனஸ் இதயத்துக்கு மேலே இருப்பதால் குறைவு தெரிகிறது என்றீர்கள். பெருந்தமனி வளைவிலும் பேரோரிசெப்டர் இருக்கிறதே, அது இதயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு 90 சராசரியில் குறைவே தெரியாதே? ஒன்று "குறைவு" என்கிறது, இன்னொன்று "கூடியிருக்கிறது" என்கிறது. மூளை யார் பேச்சைக் கேட்கும்?

செங்காந்தள்

இரண்டு பேர் பேச்சும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில், நியூக்ளியஸ் டிராக்டஸ் சொலிட்டேரியஸில், வந்து சேர்கிறது. கரோட்டிட் சைனஸின் சேதி நாக்குத்தொண்டை நரம்பு வழியாக, பெருந்தமனியின் சேதி வேகஸ் வழியாக. அங்கே இரண்டும் சேர்ந்துதான் முடிவாகிறது. பெருந்தமனிக்கும் ஒவ்வொரு துடிப்பின் இழுப்பு குறைந்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள், 44 என்பது 36 ஆகியிருக்கிறது. அதனால் அதுவும் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லியிருக்காது.

கதிரவன்_22

அப்படியானால் கழுத்து உயரத்தை முழுக்க எடுத்துவிட்டுப் பார்த்தால்? ஆளைப் படுக்க வைத்தபடியே இடுப்புக்குக் கீழே ஒரு பெட்டியில் அடைத்து, உள்ளே காற்றை உறிஞ்சி ரத்தத்தைக் காலுக்கு இழுக்கும் சோதனை ஒன்று இருக்கிறதே. கழுத்தும் இதயமும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். அதிலும் பல்ஸ் கூடினால் கழுத்துக் கணக்கு மட்டும் போதாது என்றாகிவிடும்.

செங்காந்தள்

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். அதில் பலமாக உறிஞ்சினால் பல்ஸ் கூடும். ஆகவே கழுத்து உயரம் மட்டுமே காரணம் இல்லை, அது ஒரு பங்குதான். லேசாக உறிஞ்சினால், 20 மி.மீ.க்குள், கையில் அளக்கும் சராசரி பிரஷரும் மாறாது, பல்ஸும் பெரிதாக மாறாது. ஆனால் முன்கை ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். தமனியில் பிரஷரே குறையவில்லையே, யார் சொல்லிச் சுருங்கின? இதயத்தின் அறைகளிலும் நுரையீரல் நாளங்களிலும் இருக்கும் குறைந்த அழுத்த உணரிகள்தான் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பிறகு 1995-இல் வந்த ஓர் ஆய்வில், அந்த லேசான உறிஞ்சலிலேயே பெருந்தமனியின் குறுக்களவு சுருங்குவது தெரிந்தது. பிரஷர் மாறாவிட்டாலும் குழாயின் இழுப்பு மாறுகிறது என்றால் தமனி பேரோரிசெப்டரும் அதை உணரலாம். குறைந்த அழுத்த உணரிகளின் பங்கை அப்படித் தனியாகப் பிரித்துக் காட்ட முடியுமா என்பதே கேள்வியாகிவிட்டது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கதிரவன்_22

பேரோரிசெப்டர் முதல் சில வினாடிக்கு மட்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது?

செங்காந்தள்

அது தொடங்கும் வேகத்தைப் பற்றிய பேச்சு. நின்றுகொண்டிருக்கும் வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். நாள் கணக்கில் பிரஷர் ஓரிடத்தில் உயர்ந்தே நின்றுவிட்டால்தான் அது அந்த மட்டத்துக்குப் பழகிக்கொள்கிறது. 1973-இல் நாய்களில் இந்த நரம்புகளை வெட்டிப் பார்த்தபோது, நாள் முழுவதுக்குமான சராசரி பிரஷர் பெரிதாக ஏறவில்லை. நிமிடத்துக்கு நிமிடம் தாறுமாறாக ஏறி இறங்கியது. அதைக் கொண்டுதான் பல வருடம் "நீண்டகாலக் கட்டுப்பாட்டில் பேரோரிசெப்டருக்குப் பங்கில்லை" என்றார்கள். கரோட்டிட் சைனஸில் மின்தூண்டல் கருவி வைத்தவர்களில் பலருக்கு பிரஷர் நெடுநாள் குறைந்தே இருப்பதைப் பார்த்தபின், அவ்வளவு உறுதியாக இப்போது யாரும் சொல்வதில்லை.

பெரியகுளத்தார்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அளவுத் தாளை வாங்கிப் பார்த்தார், டாம்சுலோசின் விஷயம் அவருக்குத் தெரியவில்லை. சிறுநீர் டாக்டரிடம் போனில் பேசினார். இப்போதைக்கு அதை நிறுத்தி வேறு பார்க்கலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். டெல்மிசார்டனை நிறுத்தவில்லை. சுகர் நரம்புக்கு ஏதோ மூச்சுச் சோதனை எழுதியிருக்கிறார், ஈ.சி.ஜி. மாட்டி மூச்சு விடச் சொல்வார்களாம். இதயத்துக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே கேட்க நேரமில்லை.

தீபன்_ஐசியூ

நல்லதாகப் போயிற்று ஐயா. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக இழுத்து விடச் சொல்வார்கள். மூச்சை இழுக்கும்போது பல்ஸ் கூடும், விடும்போது குறையும். அந்தக் கூடுதல் குறைவைச் செய்வது வேகஸ் நரம்பு. மெட்டோப்ரொலால் தடுப்பது சிம்பதெடிக் பக்கத்தை, அதனால் உங்கள் நிலைமையில் அந்த 0.5 கணக்கைவிட இந்தச் சோதனை நம்பகமானது. இளையவர்களுக்கு வித்தியாசம் 15-க்கு மேல் இருக்கும், வயது ஏற ஏறக் குறையும். முடிவு வந்ததும் உங்கள் வயதுக்கான அளவோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். காலையில் காபி குடிக்காமல் போங்கள், மாத்திரைகளை அன்று போடலாமா என்று முந்தின நாளே லேபில் கேட்டுவிடுங்கள். டாம்சுலோசின் நிறுத்தி ஒரு வாரம் ஆனதும் அதே படுத்தபடி, நின்றபடி அளவை மறுபடி எடுத்து இங்கே போடுங்கள்.